தண்ணீரில் இறங்கும் மருந்து: உதட்டுக் கொப்புளமும் லெமன் பாம் இலையும்

உதட்டுக் கொப்புளம் வரப்போகிறது என்பது கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே உதட்டுக்குத் தெரிந்துவிடும். மேலுதடோ கீழுதடோ, தோலும் உதடும் சேரும் கோட்டில் ஓர் இடம் மட்டும் சுருக்கென்று இருக்கும். லேசாக அரிக்கும், இறுகினாற்போல் இருக்கும். சில மணி நேரத்தில் அங்கே சிவந்து தடிக்கும். மறுநாளுக்குள் நீர்கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். இரண்டு மூன்று நாளில் அவை உடைந்து புண்ணாகி, மஞ்சள் பொருக்குக் கட்டி, எட்டுப் பத்து நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். நம் ஊரில் இதைச் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கச் சொல்வார்கள். சிலர் பல்லி எச்சம் என்பார்கள். உண்மையான காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ். உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களின் உடலில் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோர் சிறு வயதில், வீட்டாரின் முத்தத்திலேயே இதைப் பெற்றுவிடுகிறார்கள். அவர்களில் பலருக்குக் கொப்புளம் வருவதே இல்லை.

இந்த வைரஸ் தோலில் குடியிருப்பதில்லை. முதல் தொற்று ஆறியதும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் வழியே மேலேறி, காதுக்கு முன்னால் மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் நரம்பு முடிச்சில் போய் உறங்குகிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மாதவிடாய், மன அழுத்தம் என்று ஏதோ ஒன்று தட்டி எழுப்பினால் அதே நரம்பின் வழியே உதட்டுக்கு இறங்கி வருகிறது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. உதட்டில் எதைத் தடவினாலும் அந்த முடிச்சை அது எட்டாது. இறங்கி வந்த வைரஸ் பக்கத்துச் செல்களுக்குப் பரவுவதைக் குறைக்கலாம், அவ்வளவுதான். லெமன் பாம் கிரீமால் செய்ய முடிவதும் இதை மட்டுமே. இதற்குமேல் யாராவது வாக்குறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

லெமன் பாம் புதினாவின் உறவுச்செடி. தாவரவியல் பெயர் மெலிஸ்ஸா அஃபிசினாலிஸ். மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளில் இயல்பாக வளர்ந்து, ஐரோப்பாவின் மடாலயத் தோட்டங்கள் வழியே ஜெர்மனியின் மருந்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. இலை பார்ப்பதற்குப் புதினாவைப் போல இருக்கும். கசக்கினால் எலுமிச்சை மணம் வரும். அந்த மணத்துக்குக் காரணமான சிட்ரல், சிட்ரோனெல்லால் ஆகிய எண்ணெய்ப் பொருட்கள் இலையில் மிகமிகக் குறைவு. நூறு கிராம் காய்ந்த இலையில் பெரும்பாலும் கால் கிராம்கூடத் தேறாது. உதட்டுக் கொப்புளத்துக்கு முக்கியமாக உதவுவது மணமே இல்லாத இன்னொன்று: ரோஸ்மரினிக் அமிலம். 1958இல் இத்தாலிய வேதியியலாளர்கள் இருவர் ரோஸ்மேரிச் செடியிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். மருந்துத் தரமுள்ள லெமன் பாம் இலையில் இது குறைந்தது ஒரு சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. நன்றாக வளர்ந்த இலையில் அதைவிட அதிகமாகவே இருக்கும்.

இந்த அமிலம் சூடான தண்ணீரில் நன்றாக இறங்கும், எண்ணெயில் இறங்காது. கைவைத்தியக் குறிப்புகள் பல சறுக்குவது இந்த இடத்தில்தான். காய்ந்த இலையை ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு, தேன்மெழுகு சேர்த்துக் களிம்பாக்கச் சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், எலுமிச்சை வாசமும் அடிக்கும், வறண்ட உதட்டுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் வேலை செய்ய வேண்டிய ரோஸ்மரினிக் அமிலம் வடிகட்டிய சக்கையோடு குப்பைக்குப் போயிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் இந்த நீர்ச்சாறு என்ன செய்கிறது என்பது தெளிவாகவே பார்க்கப்பட்டிருக்கிறது. ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைரஸை மூன்று கட்டங்களில் சோதித்தார்கள்: செல்லைத் தொடும் முன், தொடும்போது, உள்ளே போன பின். வைரஸ் வெளியே தனியாக இருக்கும்போது சாறு பட்டால் அதன் தொற்றும் திறன் வெகுவாகக் குறைந்தது. செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதும் தடைபட்டது. செல்லுக்குள் நுழைந்து பெருக ஆரம்பித்த பிறகு சாறு ஏறக்குறைய எதையும் செய்யவில்லை. அசைக்ளோவிர் மருந்து வேலை செய்வதோ செல்லுக்குள். இரண்டும் வெவ்வேறு இடத்தில் கை வைப்பதால், அசைக்ளோவிருக்கு மசியாத வைரஸ் வகைகளையும் ஆய்வுக்கூடத்தில் லெமன் பாம் சாறு தடுத்தது.

கிரீமை எப்போது தடவ வேண்டும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வைரஸ் ஒரு செல்லை உடைத்து வெளியேறி அடுத்ததைப் பிடிக்கும் இடைவெளிதான் சாற்றுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. சுருக்கென்ற முதல் சில மணி நேரத்தில் பிடிக்கப்பட்ட செல்கள் கொஞ்சம், காப்பாற்ற வேண்டியவை நிறைய. பொருக்குக் கட்டியபின் தடவினால் புண்ணுக்கு ஈரப்பதம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் 1999இல் வெளியான ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு நான்கு முறையாவது உதட்டுக் கொப்புளம் வரும் 66 பேர். 34 பேருக்கு லெமன் பாம் சாறு ஒரு சதவீதம் கலந்த கிரீம், 32 பேருக்கு அது இல்லாத கிரீம். தினம் நான்கு வேளை, ஐந்து நாள் தடவினார்கள். யார் எதைத் தடவுகிறார்கள் என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. தொல்லை உச்சத்தில் இருக்கும் இரண்டாம் நாளில் அரிப்பு, எரிச்சல், கொப்புளத்தின் பரப்பு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பெண் போட்டபோது, சாறு தடவியவர்களின் சராசரி 4.03, மற்றவர்களுடையது 4.94. வித்தியாசம் உண்மையானது, ஆனால் பெரியதல்ல. ஐந்தில் ஒரு பங்கு தொல்லை குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பங்கேற்றவர்களின் எண்ணிக்கையும் சிறியது. 1994இல் வெளியான சற்றுப் பெரிய ஜெர்மன் ஆய்வும் இதே திசையில்தான் காட்டியது. ஓரிரவில் மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கொப்புளம் கொஞ்சம் சிறிதாக, எரிச்சல் கொஞ்சம் குறைவாக வந்து போகும்.

ஜெர்மனியில் விற்கப்பட்ட அந்த வகைக் கிரீமில் எழுபது பங்கு இலையிலிருந்து ஒரு பங்காக எடுக்கப்பட்ட உலர்சாறு இருந்தது. ஒரு கிராம் கிரீமில் பத்து மில்லிகிராம் சாறு. அதாவது, ஒரு கிராம் கிரீமுக்குப் பின்னால் 700 மில்லிகிராம் இலை. வீட்டில் செய்வதை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வீட்டுத் தயாரிப்பில் பெரும்பாலும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

கொலோன் நகரில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை நினைத்துக்கொள்வோம். அங்கே எந்த மருந்துக் கடையிலும் மருந்துத் தரமான லெமன் பாம் இலை கிடைக்கும். வியாழன் மாலை, வேலை முடிந்து வரும்போது உதடு சுருக்கென்கிறது. வீட்டில் 50 கிராம் பாக்கெட் ஒன்று இருக்கிறது. முதலில் பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டும். விரலில் தேய்த்தால் எலுமிச்சை வாசம் எழ வேண்டும். வைக்கோல் வாசம் மட்டும் வந்தால் அது பழைய இலை. மணம் போனால் அமிலமும் போயிற்று என்று சொல்ல முடியாது, ஆனால் இலை நெடுநாள் வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அவர் சாதாரணத் தேநீர் போலப் போட்டால், 4.5 கிராம் இலைக்கு 150 மில்லி தண்ணீர். ஒரு மில்லிக்கு 30 மில்லிகிராம் இலையின் சத்து. கடைக் கிரீமோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே இன்னும் திடமாகப் போட வேண்டும். 10 கிராம் இலையைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்கிறார். இது காற்றைப் போல லேசான இலை, கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 200 மில்லி கொதிநீரை ஊற்றி, மூடி, கால் மணி நேரம் விடுகிறார். சுத்தமான துணியில் வடிகட்டி, சக்கையை நன்றாகப் பிழிகிறார். இலை நிறையத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பிழியாவிட்டால் கால் பங்கு அதிலேயே தங்கிவிடும். வந்த சாற்றை அகலமான பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்க விடாமல், சிறு தீயில் 50 மில்லியாகச் சுண்ட வைக்கிறார். அதிக நேரம் காய்ந்தால் ரோஸ்மரினிக் அமிலம் கெடத் தொடங்கும். கெட்டிக் குழம்பாகும்வரை வற்றவிடக் கூடாது. டிக்காக்ஷன் நிறத்தில், நாக்கில் வைத்தால் துவர்ப்பும் கசப்புமாக ஒரு சாறு கிடைக்கும். இப்போது ஒரு மில்லிக்குச் சுமார் 200 மில்லிகிராம் இலை. எல்லாமே முழுதாக இறங்கியிருக்காது என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் வெறும் தேநீரைவிடப் பல மடங்கு திடம்.

இந்தச் சாற்றைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து, பஞ்சில் நனைத்து, சுருக்கென்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஒற்றிவைக்கிறார். தேய்ப்பதில்லை. அன்று இரவே இரண்டு முறை, மறுநாள் நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. உதட்டில் பட்ட பஞ்சை மறுபடி சாற்றில் முக்கினால் வைரஸையும் கிருமிகளையும் கிண்ணத்துக்குள் கொண்டுபோவதாகும். அதனால் தேவையானதை மட்டும் சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மீதியைக் குளிர்பெட்டியில் மூடி வைக்கிறார். ஒரு நாள் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால், அடுத்த முறை உதடு சுருக்கென்றதும் ஒரு கட்டியை உருக்கி உடனே ஒற்றலாம். நேரம்தான் இங்கே முக்கியம் என்பதால் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

கிரீமாகவே வேண்டும் என்றால் லானோலின் உதவும். இது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. தன் எடைக்கு மேலேயே தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும் குணம் இதற்கு உண்டு. வேறு எதுவும் கலக்காத லானோலின் 6 கிராமையும் ஆலிவ் எண்ணெய் 2 கிராமையும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்க வேண்டும். சுண்டிய சாறு 4 மில்லியை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும், முழுக்க ஆறும்வரை கை நிற்கக் கூடாது. சரியாக வந்தால் வெளிர்பழுப்பில், விரலில் இழுபடும் களிம்பாக இருக்கும். மேலே பழுப்பு நீர் முத்துமுத்தாக நின்றால் அவசரப்பட்டு ஊற்றிவிட்டோம் என்று அர்த்தம். மறுபடி லேசாகச் சூடாக்கிக் கலக்கலாம்.

இதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 கிராம் களிம்பில் 800 மில்லிகிராம் இலையின் சாறு. ஒரு கிராமுக்கு 67 மில்லிகிராம் வரும். கடைக் கிரீமில் பத்தில் ஒரு பங்கு, நாம் ஒற்றிய சாற்றில் மூன்றில் ஒரு பங்கு. இத்தனை உழைப்புக்குப் பிறகு வீட்டுக் கிரீம், அதே வீட்டுச் சாற்றைவிடப் பலவீனமாகிவிடுகிறது. தண்ணீர் கலந்த களிம்பில் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து வேறு. குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று நான்கு நாளைக்குமேல் அதை உடைந்த புண்ணில் தடவக் கூடாது. புளித்த வாசம், நிற மாற்றம், மேலே பொட்டுப் பொட்டாகக் கறுப்பு என்று எது தெரிந்தாலும் தூக்கிப்போட வேண்டும். லானோலின் ஒவ்வாதவர்களும் உண்டு. முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்வது அவசியம். என் முடிவு இதுதான்: தரமான கடைக் கிரீம் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாற்றை ஒற்றுங்கள். பொருக்குக் கட்டி வெடிக்கும் நாட்களில் இதத்துக்காக வேண்டுமானால் வீட்டுக் களிம்பைப் பூசலாம்.

லெமன் பாம் எண்ணெய் என்று சிறு குப்பியில் கிடைப்பதும் இதற்கு மாற்றாகாது. எண்ணெய்க்கும் ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் இலையில் எண்ணெய் அவ்வளவு குறைவு என்பதால் அசல் எண்ணெயின் விலை மிக அதிகம். விலை மலிவாக இருந்தால் அதில் எலுமிச்சைப்புல் எண்ணெயோ சிட்ரோனெல்லா எண்ணெயோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. எதுவாக இருந்தாலும் நீர்க்காமல் உதட்டில் வைத்தால் எரிந்து பொத்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர் துளசியும் கற்பூரவல்லியும் போதாதா என்று கேட்பார். நியாயமான கேள்வி. அவையும் இதே குடும்பச் செடிகள், அவற்றிலும் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு. ஆனால் அந்த அமிலத்தின் அளவும் கூடவே இருக்கும் மற்றப் பொருட்களும் செடிக்குச் செடி வேறு. 1999 சோதனையின் பலனைத் துளசிச் சாற்றின் கணக்கில் எழுத முடியாது. எலுமிச்சைப்புல் புல் குடும்பம். வாசம் மட்டுமே பொருந்தும்.

எந்தப் புண்ணில் தடவுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வாய்க்கு உள்ளே, கன்னத்தின் உட்புறத்தில் வரும் வெள்ளை நிற வாய்ப்புண் பெரும்பாலும் இந்த வைரஸால் வருவதில்லை. வாயின் இரு ஓரத்திலும் வெடித்து, வாய் திறந்தால் வலிக்கும் புண், சத்துக்குறைவாலோ பூஞ்சையாலோ வருவது வழக்கம். அங்கெல்லாம் லெமன் பாம் வீண். உதட்டின் விளிம்பில், ஒரே பக்கம், முன்னறிவிப்பாகச் சுருக்கென்று தொடங்கி, நீர்க்கொப்புளம் கொத்தாக வந்தால் மட்டுமே இந்தக் கதை. கொப்புளம் கண்ணருகே வந்தாலோ, கண் சிவந்து கூசினாலோ கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வைரஸ் கருவிழியைக் கெடுக்கும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும், உடலெங்கும் எக்ஸிமா உள்ளவர்களும் நேரே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள். கிரீம் தடவியிருக்கிறோம் என்ற தைரியத்தில் பச்சிளம் குழந்தையை முத்தமிடுவது பெரும் ஆபத்து. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்தத் தொற்று உயிரைப் பறிக்கக் கூடும். பொருக்கு உதிர்ந்து தோல் முழுக்க ஆறும்வரை தம்ளர், துண்டு, உதட்டுச்சாயம் எதையும் பகிரக் கூடாது.

இனி குடிக்கும் தேநீர். படபடப்பு, பரீட்சைக்கு முந்தைய நாள் வயிற்றைப் பிசைவது, படுத்தால் மனம் ஓடிக்கொண்டே இருப்பது போன்ற லேசான தொல்லைகளுக்கு ஐரோப்பாவில் இது நெடுங்காலப் பழக்கம். ஐரோப்பிய மருந்து முகமை இதை மரபுப் பயன்பாடாக ஏற்று அளவு சொல்லியிருக்கிறது: 1.5 முதல் 4.5 கிராம் காய்ந்த இலை, 150 மில்லி கொதிநீர், தினம் ஒன்று முதல் மூன்று முறை. மரபுப் பயன்பாடு என்றால், நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது, பெரிய தீங்கு தெரியவில்லை என்று பொருள். சோதனையில் உறுதியானது என்று பொருளல்ல.

இங்கே மணத்துக்கும் இடமுண்டு. அதனால் தம்ளரை மூடியே ஊற வைக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் மூடியின் அடியில் நீர்த்துளிகள் நிற்கும். அவற்றில் ஆவியாகிப்போக இருந்த எண்ணெய் இருக்கிறது. தட்டித் தேநீரிலேயே விழவிடுங்கள். இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் அடுப்படியோடு போய்விடும், கசப்புதான் தம்ளருக்கு வரும். பால் வேண்டாம். தேன் விருப்பம். பச்சை இலை கிடைத்தால் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் நான்கைந்து மடங்கு போட வேண்டும்.

இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 18 பேருக்கு லெமன் பாம் சாற்று மாத்திரை கொடுத்து, ஒரே நேரத்தில் பல வேலைகளைத் திரையில் செய்யச் சொல்லி மன அழுத்தத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். 600 மில்லிகிராம் எடுத்தவர்கள் தங்களுக்கு அமைதி கூடியதாகச் சொன்னார்கள். விழிப்புணர்வு குறைந்ததாகவும் அவர்களே சொன்னார்கள். இரண்டாவதையும் மறக்கக் கூடாது. குடித்த பின் மந்தமாக இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. பரீட்சை அன்று காலையில் முதல் முறையாகக் குடித்துப் பார்ப்பதும் சரியல்ல, ஒரு விடுமுறை நாளில் குடித்து உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூளையை அடக்கி அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை ரோஸ்மரினிக் அமிலம் தடுப்பதை எலி மூளைத் திசுவில் பார்த்திருக்கிறார்கள். ஒரு தம்ளர் தேநீரிலிருந்து அந்த அளவு மனித மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு விஷயம்.

தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மருந்தோ சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சேர்க்க வேண்டாம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அதே எச்சரிக்கை, ஏனென்றால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் தன் இடத்தில் ஒட்டுவதை லெமன் பாம் சாறு தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் போதிய தரவு இல்லாததால் ஐரோப்பிய முகமை பரிந்துரைப்பதில்லை. இரண்டு வாரம் குடித்தும் படபடப்பு குறையவில்லை என்றாலும், அது கூடுகிறது என்றாலும், தேநீரின் அளவைக் கூட்டாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். படபடப்போடு எடை குறைவு, கை நடுக்கம், வியர்வை சேர்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அது தைராய்டு மிகையாகச் சுரப்பதாக இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.